வேலை ஒப்பந்தத்தில் கண்ணில் படாத பத்தி

சில மாதங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அக்கா மகள் ஈரோட்டிலிருந்து போன் செய்தாள். பொறியியல் முடித்திருந்தாள். கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் முதல் வேலை. நியமனக் கடிதம் பதினான்கு பக்கம். மறுநாள் மாலைக்குள் கையெழுத்திட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

“மாமா, இதுல கையெழுத்துப் போட்டா, வேலையை விட்டு ஒரு வருஷம் இதே மாதிரி கம்பெனி எதுக்கும் போகக் கூடாதுன்னு இருக்குதுங்க. அப்புறம் நான் எங்க வேலைக்குப் போறது?”

முழுக் கடிதத்தையும் அனுப்பச் சொல்லிப் படித்தேன். அவளைப் பயமுறுத்தியது பதினோராம் பத்தி. அதற்கு இரண்டு பத்தி முன்னால் இருந்த ஒன்பதாம் பத்தியை அவள் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தாண்டியிருந்தாள். வழக்கறிஞராக நான் பார்த்தவரை, முதல் வேலைக்குப் போகும் பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான் படிக்கிறார்கள். பதினோராம் பத்தி இந்தியாவில் நீதிமன்றத்தில் நிற்காது. ஒன்பதாம் பத்தி நிற்கும்.

முதலில் அவள் பயந்த பத்தியைப் பார்த்துவிடுவோம். அதன் வாசகம் சுமாராக இப்படி இருந்தது: “பணியிலிருந்து விலகிய நாள் முதல் பன்னிரண்டு மாத காலத்துக்கு, நிறுவனத்துடன் போட்டியிடும் எந்த நிறுவனத்திலும் ஊழியர் நேரடியாகவோ மறைமுகமாகவோ பணிபுரியக் கூடாது.” நான்-காம்பீட் என்று மனிதவளப் பிரிவில் சொல்வது இதைத்தான். தமிழில் போட்டித் தடை என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இல் வந்தது. அதன் 27-ஆம் பிரிவு சொல்வது எளிமையானது. சட்டப்படியான தொழிலையோ வியாபாரத்தையோ ஒருவர் செய்யவிடாமல் தடுக்கும் எந்த ஒப்பந்தமும், அந்தத் தடையின் அளவுக்குச் செல்லாது. ஒரு வியாபாரத்தை அதன் நற்பெயரோடு சேர்த்து விற்றவர், வாங்கியவருக்குப் பக்கத்திலேயே அதே கடையைத் திறக்கக் கூடாது என்பதற்கு மட்டும் அந்தப் பிரிவிலேயே விலக்கு உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு அந்த விலக்கு பொருந்தாது.

இந்தப் பிரிவு எவ்வளவு கண்டிப்பானது என்பது சட்டம் வந்த இரண்டாம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. கல்கத்தாவில் ஒரே பகுதியில் இரண்டு பித்தளை வியாபாரிகள். போட்டி தாங்காத ஒருவர், “இந்தப் பகுதியில் உன் கடையை மூடிவிடு, உன் தொழிலாளிகளுக்கு நீ கொடுத்திருக்கும் முன்பணத்தை நான் தந்துவிடுகிறேன்” என்றார். தொகை 900 ரூபாய். மற்றவர் கடையை மூடினார். பணம் வரவில்லை. வழக்குப் போட்டார். 1874-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், அந்த ஒப்பந்தமே செல்லாது என்று சொல்லிவிட்டது. ஒரே ஒரு வட்டாரத்துக்கு மட்டுமான தடைதானே என்ற வாதம் எடுபடவில்லை. இங்கிலாந்துச் சட்டத்தில் தடை நியாயமான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆறு மாதம் நியாயம், ஐந்து வருடம் அநியாயம் என்று எடைபோடுவார்கள். நம் சட்டத்தில், வேலையை விட்ட பிறகான தடைக்கு அந்தத் தராசே கிடையாது.

அப்படியானால் செல்லாத ஒன்றை ஏன் அச்சடிக்கிறார்கள்? பல கடிதங்கள் வெளிநாட்டு மாதிரிகளைப் பார்த்து எழுதப்பட்டவை. அந்தப் பத்தி செல்லுபடியாகும் நாடுகளும் இருக்கின்றன. அமெரிக்காவிலேயே கலிபோர்னியா மாநிலத்தில் செல்லாது. அந்த மாநிலத்துச் சட்டமும் நம் 27-ஆம் பிரிவும், நியூயார்க்குக்காக டேவிட் டட்லி ஃபீல்டு எழுதிய ஒரே வரைவிலிருந்து பிறந்தவை. இன்னொரு காரணமும் உண்டு. நீதிமன்றத்தில் தோற்கும் பத்தி, விலகப் போகும் இளைஞரின் மனதில் ஜெயித்துவிடும். வக்கீல் நோட்டீஸ் ஒன்று வீட்டுக்கு வந்தால் அப்பா அம்மா தூங்க மாட்டார்கள். அந்தப் பயத்துக்காகவும் அது அங்கே இருக்கிறது.

கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கும் அவருடைய விளம்பர நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், 2006-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. அந்த ஒப்பந்தத்தில் முழுத் தடைகூட இல்லை. ஒப்பந்தம் முடிந்து வேறு நிறுவனத்துக்குப் போவதானால், அந்த வாய்ப்பை முதலில் எங்களுக்குத் தர வேண்டும் என்ற அளவில்தான் இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு அதையும் திணிக்க முடியாது என்றது நீதிமன்றம்.

ஆனால் “முடிந்த பிறகு” என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. வேலையில் இருக்கும் காலத்துக்கான தடை வேறு கதை. கல்யாணில் செஞ்சுரி ஸ்பின்னிங் ஆலையில், டயருக்கான நூல் தயாரிக்கும் பிரிவில், ஒருவர் 1963-இல் ஐந்து வருட ஒப்பந்தத்தில் ஷிப்ட் சூப்பர்வைசராகச் சேர்ந்தார். வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து பெற்ற தொழில்நுட்பத்தில் அவருக்குப் பயிற்சி தரப்பட்டது. இரண்டு வருடம் முடிவதற்குள் கூடுதல் சம்பளத்துக்கு, அதே நூலைத் தயாரிக்கும் கோட்டா நகர ஆலைக்குப் போய்விட்டார். 1967-இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. ஒப்புக்கொண்ட ஐந்து வருடம் முடியும்வரை அவர் அந்தப் போட்டி வேலையைச் செய்யக் கூடாது என்ற தடை உத்தரவு உறுதியானது. ஐந்து வருடத்தோடு அந்தத் தடையும் முடிந்தது. ஆகவே பகலில் ஒரு நிறுவனத்திலும் இரவில் அதன் போட்டியாளரிடத்திலும் வேலை செய்துகொண்டு, 27-ஆம் பிரிவு காப்பாற்றும் என்று நம்பக் கூடாது. காப்பாற்றாது.

பாண்டு என்று சொல்லும் பணப் பிணையும் இந்த வகையில்தான் வருகிறது. விஜயா வங்கியில் சேர்ந்த ஓர் அதிகாரி, மூன்று வருடம் முடியும் முன் விலகினால் இரண்டு லட்ச ரூபாய் தர வேண்டும் என்று ஒப்புக்கொண்டிருந்தார். 2009-இல் வேறு வங்கிக்குப் போக விலகியபோது, ஆட்சேபம் தெரிவித்தபடியே பணத்தைக் கட்டிவிட்டு வழக்குப் போட்டார். கர்நாடக உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகச் சொன்னது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, அந்தப் பிணை செல்லும் என்றது. அது அவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுக்கவில்லை, சொன்ன காலம்வரை இருக்கச் சொன்னது, அவ்வளவுதான் என்பது ஒரு காரணம். பொதுத்துறை வங்கி விளம்பரம் செய்து, தேர்வு நடத்தி மீண்டும் ஆள் எடுக்க ஆகும் செலவும், அவர் இருந்த பதவியின் சம்பளமும் மற்ற காரணங்கள். இதை வைத்து எந்த நிறுவனமும் எந்தத் தொகையையும் எழுதிக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி கிடைப்பது நியாயமான இழப்பீடு. எழுதிய தொகை அதன் உச்ச வரம்பு. நாலு நாள் பயிற்சி கொடுத்துவிட்டு ஐந்து லட்சம் கேட்கும் நிறுவனம், அந்தச் செலவை நிரூபிக்கச் சிரமப்படும்.

ரகசியம் காக்கும் பத்தியும் வேலையை விட்ட பிறகு உயிரோடு இருக்கும். தலையில் இருக்கும் திறமையை நீங்கள் எடுத்துப் போகலாம். வாடிக்கையாளர் பட்டியலை, விலைப்பட்டியலை, நிரலை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டு போக முடியாது. போட்டித் தடை வழக்காக வந்தால் தோற்கும் நிறுவனம், இந்த ஒரு மின்னஞ்சலைக் கையில் வைத்துக்கொண்டு ஜெயிக்கும்.

இதையெல்லாம் சொன்னதும் அவள் குரலில் ஒரு நிம்மதி. “அப்ப கையெழுத்துப் போட்டுறட்டுங்களா மாமா?”

“இரு கண்ணு. அந்தத் தறிக் கணக்கு ஆப் யாருது?”

அதைக் கேட்க எனக்குக் காரணம் இருந்தது. கல்லூரி மூன்றாம் வருடத்தில், அவள் அப்பாவின் விசைத்தறிப் பட்டறைக்காக ஒரு சின்னச் செயலி எழுதியிருந்தாள். எந்தத் தறிக்கு எத்தனை கிலோ நூல் போனது, எத்தனை மீட்டர் துணி வந்தது, கழிவு எவ்வளவு, சனிக்கிழமை கூலி எவ்வளவு என்று கணக்குப் போடும். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் நாலைந்து பேரும் கேட்டு வாங்கிப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். வேலைக்குப் போனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை மேம்படுத்திக்கொண்டே இருப்பதாக அவள் எண்ணம்.

இப்போது ஒன்பதாம் பத்திக்கு வருவோம். “பணிக்காலத்தில், பணி நேரத்திலோ அதற்கு வெளியிலோ, நிறுவனத்தின் வளங்களைப் பயன்படுத்தியோ பயன்படுத்தாமலோ, ஊழியர் தனியாகவோ பிறருடன் சேர்ந்தோ உருவாக்கும் எல்லாப் படைப்புகள், நிரல்கள், கண்டுபிடிப்புகள், யோசனைகள் ஆகியவற்றின் முழு உரிமையும் உலகெங்கும் நிரந்தரமாக நிறுவனத்தையே சாரும்.” சேர்ந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அந்தச் செயலியில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் நிறுவனம் உரிமை கோரலாம் என்பதுதான் இதன் பொருள். பழைய வரியும் புதிய வரியும் கலந்துவிட்ட பிறகு, எது யாருடையது என்று பிரிப்பதே ஒரு வழக்கு.

இந்தப் பத்தி இல்லாவிட்டால் சட்டம் என்ன சொல்கிறது? பதிப்புரிமைச் சட்டம் 1957, 17-ஆம் பிரிவு. கணினி நிரலை இந்தச் சட்டம் இலக்கியப் படைப்பாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சம்பளத்துக்கு வேலை செய்பவர் தன் பணியின் போக்கில் உருவாக்குவதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியே முதல் உரிமையாளர். இது நியாயமானதே. சம்பளம் கொடுத்து எழுதச் சொன்ன நிரல் நிறுவனத்துக்குத்தான் சொந்தம். “பணியின் போக்கில்” என்ற சொற்கள்தான் இங்கே வேலி. ஞாயிற்றுக்கிழமை, சொந்தக் கணினியில், வேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றைச் செய்தால் அது உங்களுடையது. ஒன்பதாம் பத்தி செய்வது அந்த வேலியைப் பிடுங்கி உங்கள் வீட்டுத் திண்ணைக்கு நகர்த்துவது. போட்டித் தடைக்கு எதிராக 27-ஆம் பிரிவு இருப்பதைப் போல, இதற்கு எதிராக நம் ஊழியர்களுக்கென்று ஒரு தனிப் பிரிவு இல்லை. நீங்களே கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால், அது உங்களைக் கட்டும் என்றுதான் நினைக்க வேண்டும்.

அந்தப் பத்தியில் வரும் “உலகெங்கும்”, “நிரந்தரமாக” என்ற சொற்கள் அலங்காரத்துக்கு வந்தவை அல்ல. பதிப்புரிமையை மாற்றிக் கொடுக்கும்போது அது எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. காலம் சொல்லாவிட்டால் ஐந்து வருடம், இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று அதுவே வரையறுக்கிறது. வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதியாகும் என்கிறது 19-இன் 4-ஆம் உட்பிரிவு. உங்கள் கடிதத்தில் அந்த உட்பிரிவு பொருந்தாது என்று ஒரு வரி இருந்தால், விவரம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் ஒவ்வொரு சொல்லாக எடைபோட்டு எழுதிய பத்தி அது என்று தெரிந்துகொள்ளலாம்.

கண்டுபிடிப்புகளின் கதை கொஞ்சம் வேறு. காப்புரிமைச் சட்டத்தில் முதலாளிக்குத் தானாக உரிமை போகும் விதி இல்லை. கண்டுபிடித்தவர் எழுதிக் கொடுத்தால்தான் நிறுவனத்துக்குப் போகும். அதனால்தான் அந்தப் பத்தியில் கண்டுபிடிப்பு என்ற சொல்லும் தவறாமல் வருகிறது. உரிமை போனாலும், கண்டுபிடித்தவர் என்று காப்புரிமையில் உங்கள் பெயரைக் குறிப்பிடக் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது.

வேலைக்கு முன்பே பிறந்த படைப்பு என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்தில் ஒரு நல்ல வழக்கு உண்டு. போபனும் மோளியும் என்ற கார்ட்டூன் பாத்திரங்களை வரைந்த டாம்ஸ், அவற்றை உருவாக்கிய பிறகுதான் மலையாள மனோரமாவில் வேலைக்குச் சேர்ந்தார். பல வருடம் அங்கே வரைந்துவிட்டு, விலகி வேறு பத்திரிகையில் அதே பாத்திரங்களை வரையப் போனபோது வழக்கு வந்தது. 1988-இல் கேரள உயர் நீதிமன்றம், விலகிய பிறகு அவர் புதிதாக வரைவதைப் பழைய நிறுவனம் தடுக்க முடியாது என்றது. பாத்திரங்கள் வேலைக்கு முன்பே அவரிடம் இருந்தன என்பது முக்கியமாகப் பார்க்கப்பட்டது. மலையாளம் படிக்கும் எல்லோருக்கும் தெரிந்த பாத்திரங்கள் என்பதால், முன்பே இருந்தன என்று காட்டுவது அவருக்கு எளிது. பள்ளிபாளையத்தில் நாலு பட்டறைகளில் ஓடும் செயலிக்கு அப்படிச் சாட்சி சொல்ல ஊர் இல்லை. சாட்சியை நாமேதான் எழுதி வைக்க வேண்டும்.

அதற்கான இடம் அந்தக் கடிதத்திலேயே இருந்தது. கடைசிப் பக்கத்தில் ‘இணைப்பு இ’ என்று ஒரு காலி அட்டவணை. அதன் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி: “மேலே எதுவும் குறிப்பிடப்படாவிட்டால், ஊழியருக்கு முந்தைய படைப்பு எதுவும் இல்லை எனக் கருதப்படும்.” காலியாக விட்டுக் கையெழுத்திட்டிருந்தால், தன்னிடம் எதுவும் இல்லை என்று அவளே எழுதிக் கொடுத்தது போலாகியிருக்கும். இந்த அட்டவணையை நிரப்பிய புதியவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

நாங்கள் அதை இப்படி நிரப்பினோம். செயலியின் பெயர். “விசைத்தறிப் பட்டறைகளுக்கான நூல், துணி, கூலிக் கணக்குச் செயலி” என்று ஒரு வரி விளக்கம். முதல் பதிப்பு முடிந்த மாதமும் வருடமும். நிரல் இருக்கும் கிட்ஹப் கணக்கின் முகவரி. அது எப்படி வேலை செய்கிறது என்ற உள்விவரம் எதையும் எழுதவில்லை. அடையாளம் தெரிந்தால் போதும், ரகசியத்தைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. கடைசியாக, “இதன் பிற்கால மேம்பாடுகளும் மாற்றங்களும் உட்பட” என்று ஒரு தொடர். அவளுக்கு மிகவும் தேவைப்பட்டது அந்தத் தொடர்தான். அது இல்லாவிட்டால் சேர்ந்த நாள்வரை இருந்த பதிப்பு அவளுடையது, அதன் பிறகு எழுதியது யாருடையது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

பிறகு மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல். ஒன்பதாம் பத்தியில், “நிறுவனத்தின் தொழிலுடன் தொடர்புடைய, அல்லது நிறுவனத்தின் நேரம், கருவிகள், ரகசியத் தகவல்களைப் பயன்படுத்தி உருவாக்கப்பட்ட” என்ற சொற்களைச் சேர்க்க முடியுமா என்று பணிவாகக் கேட்டாள். போட்டித் தடையைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். செல்லாத ஒன்றை நீக்கச் சொல்லிக் கேட்டு, கேட்கும் ஒரே வாய்ப்பைச் செலவழிக்க வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. பத்தியை மாற்ற முடியாது, எல்லோருக்கும் ஒரே வாசகம்தான் என்றார்கள். இணைப்பை ஏற்றுக்கொண்டு, நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திட்டுத் தந்தார்கள். இந்த அளவுதான் பெரும்பாலும் கிடைக்கும். இதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. நாளை அவள் வேறு ஏதாவது புதிதாகத் தொடங்க நினைத்தால், முதல் வரி எழுதும் முன்பு மேலாளரிடம் மின்னஞ்சலில் அனுமதி கேட்டு வாங்க வேண்டும். இணைப்பு அதைக் காப்பாற்றாது. அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் சொன்னேன். நிறுவனம் தரும் மடிக்கணினியில் அந்தச் செயலியைத் திறக்கவே கூடாது, ஐந்து நிமிடத்துக்குக்கூட. நிறுவனத்தின் கருவியைப் பயன்படுத்தினாள் என்று வாதிட அந்த ஐந்து நிமிடம் போதும். இரண்டாவது, தன் செயலியில் எழுதிய நிரல் துண்டு எதையும் அலுவலக வேலையில் ஒட்டக் கூடாது. பல கடிதங்களில், அப்படி உள்ளே வந்ததைப் பயன்படுத்த நிறுவனத்துக்கு நிரந்தர அனுமதி உண்டு என்று தனியாக ஒரு வரி இருக்கும். அவள் கடிதத்திலும் இருந்தது.

வேலையை விடும் நாள் வரும்போது போட்டித் தடை மீண்டும் தலைகாட்டும். சட்டத்தில் பலமில்லாத நிறுவனம், ரிலீவிங் லெட்டரைத் தாமதப்படுத்தும். கடைசி மாதச் சம்பளக் கணக்கை இழுத்தடிக்கும். புது நிறுவனம் அந்தக் கடிதத்தைக் கேட்கும். உண்மையான இடைஞ்சல் இங்கேதான் வருகிறது. நோட்டீஸ் காலத்தை முழுசாக முடித்து, ஒப்படைத்த பொருள்களுக்கெல்லாம் மின்னஞ்சலில் ஒப்புகை வாங்கியவரிடம் இந்த விளையாட்டு அதிக நாள் நடக்காது. பாதியில் வராமல் நின்றவருக்குச் சட்டமும் பெரிதாக உதவாது. வக்கீல் நோட்டீஸ் வந்தால் அது தீர்ப்பு அல்ல. 27-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்பலாம்.

நியமனக் கடிதம் கையில் இருக்கும் பிள்ளைகளுக்கும், அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். படைப்புரிமை பற்றிய பத்தியைத் தேடி, “பணி நேரத்துக்கு வெளியிலும்” என்ற பொருளில் சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசிப் பக்கத்து இணைப்பைக் காலியாக விடாதீர்கள். அப்படி ஓர் இணைப்பே இல்லாவிட்டால், கையெழுத்துக்கு முன் உங்கள் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பிப் பதில் வாங்குங்கள். இரு தரப்பும் கையெழுத்திட்ட பிரதியை உங்கள் சொந்த மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலக மின்னஞ்சல், வேலையை விடும் நாளில் மூடப்பட்டுவிடும்.